பட்டியலில் நிற்கும் பெயர்

நான் கப்பலில் ரேடியோ ஆபீசராகச் சேர்ந்த காலத்தில் நம் கடலில் புயலுக்குப் பெயர் கிடையாது. எண்கள்தான். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல் தமிழ்நாட்டைக் கடந்து அரபிக்கடலில் இறங்கி அங்கே மறுபடி வலுப்பிடித்தது. அது அந்தப் பக்கம் சுழன்றுகொண்டிருக்கும்போதே வங்கக்கடலில் இன்னொன்று உருவாகி ஆந்திரக் கரையை நோக்கிக் கிளம்பிவிட்டது. கரை நிலையங்கள் இரண்டுக்கும் எச்சரிக்கை அனுப்பின. முதலில் டி எழுத்து மூன்று முறை வரும். மோர்ஸில் டி என்பது ஒரே ஒரு நீள ஒலி. அது காதில் விழுந்ததும் கையிலிருக்கும் டீ டம்ளரை வைத்துவிட்டுப் பென்சிலை எடுக்க வேண்டும். எந்தக் கடல், என்ன வலு, அட்சரேகை, தீர்க்கரேகை, போகும் திசை, வேகம் என்று வரிசையாக வரும். அடுத்த எச்சரிக்கையிலும் அதே வரிசைதான், எண்கள் மட்டும் மாறியிருக்கும்.

எண் என்பது புயல் நேரத்தில் எவ்வளவு ஆபத்தானது என்று கரையில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. மோர்ஸில் நான்கு என்ற எண்ணுக்கு நான்கு குறில் ஒலி, ஒரு நெடில் ஒலி. ஐந்துக்கு ஐந்தும் குறில். கடைசி ஒலி ஒன்றுதான் வித்தியாசம். புயல் இருக்கும் இடத்தில் மின்னலும் இருக்கும், மின்னல் இருந்தால் ஹெட்போனில் எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரி ஓயாத இரைச்சல். அந்த இரைச்சலில் நெடில் பாதியில் அறுந்துபோனால் கிழக்கே 84 பாகை என்பது 85 ஆகிவிடும். நம் அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 110 கிலோமீட்டர். புயலைத் தப்பவேண்டி கேப்டன் கப்பலைத் திருப்புகிறார் என்றால், திருப்புவதே தப்பான கணக்கில் போய் முடியலாம். அதனால் ஒரே எச்சரிக்கையை இரண்டு நிலையங்களிடமிருந்து வாங்கி ஒத்துப் பார்ப்போம். ஒத்துவராவிட்டால் மூன்றாவதற்குக் காத்திருப்போம். காத்திருக்கும் நேரமும் புயல் நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து அட்லாண்டிக் பக்கம் போனபோதுதான் பெயர் வைத்த புயலை முதன்முதலாகக் காதால் கேட்டேன். 1979 ஆகஸ்ட் கடைசி. டேவிட் என்ற ஹரிக்கேன் கரீபியன் தீவுகளை அடித்துக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே, ஏறக்குறைய அதே தடத்தில், ஃபிரெடரிக் வந்தது. இரண்டு புயல், ஒரே கடல், ஒரே வாரம். ஆனால் குழப்பமே இல்லை. ‘டேவிட்’ என்ற பெயரில் ஓர் எழுத்து இரைச்சலில் போனாலும் அது ஃபிரெடரிக் ஆகிவிடாது. எந்த எண் எந்தப் புயலுக்கு உரியது என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கேப்டன் அறைக்குள் எட்டிப் பார்த்து, “ஸ்பார்க்ஸ், டேவிட் எங்கே?” என்று கேட்பார். நான் சொல்வேன். அவ்வளவுதான்.

புயலுக்கு ஏன் பெயர் என்று இன்றைக்கு யார் கேட்டாலும், மக்கள் மனதில் பதியத்தான் என்று சொல்கிறார்கள். அது பின்னால் கிடைத்த பலன். முதல் காரணம் எங்கள் ரேடியோ அறை. கப்பலும் விமானமும் கரை நிலையமும் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும்போது, நீளமான எண்களைவிடச் சின்னப் பெயர் சீக்கிரம் போய்ச்சேரும், தவறும் குறைவு. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் கடலில் அமெரிக்க வானிலைக்காரர்கள் பெண்களின் பெயரை வைத்து வேலையைச் சுலபமாக்கிக்கொண்டார்கள். 1950இலிருந்து மூன்று வருடம் அட்லாண்டிக்கில் ஏபிள், பேக்கர், சார்லி என்று ராணுவ ரேடியோவின் எழுத்துச் சொற்களையே வைத்தார்கள். 1953இல் பெண்களின் பெயர் பட்டியல் வந்தது. அழிவுக்கெல்லாம் பெண் பெயரா என்று ஃபுளோரிடாவில் ராக்ஸி போல்டன் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 1979இல்தான் ஆண் பெயர்களும் சேர்ந்தன. அந்த முதல் வருடத்துப் பட்டியலில் இருந்தவைதான் நான் கேட்ட டேவிடும் ஃபிரெடரிக்கும்.

பட்டியல் சுற்றிவரும் முறை எளிது. அட்லாண்டிக்குக்கு மொத்தம் ஆறு பட்டியல். ஒவ்வொன்றிலும் 21 பெயர், ஆங்கில அகரவரிசையில், ஆணும் பெண்ணும் மாறி மாறி. கியூ, யூ, எக்ஸ், ஒய், இசட் என்ற ஐந்து எழுத்துக்கும் போதிய பெயர் கிடைக்காது என்பதால் அவற்றை விட்டுவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு பட்டியல். ஏழாவது வருடம் முதல் பட்டியலே திரும்ப வரும். காற்று மண்டலம் சுழல ஆரம்பித்ததும் முதலில் எண்தான் தருவார்கள். காற்றின் வேகம் 34 நாட், அதாவது மணிக்கு 63 கிலோமீட்டர் தொட்டதும் மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் பட்டியலில் அடுத்து நிற்கும் பெயரை அதற்குக் கொடுக்கும். யாரும் உட்கார்ந்து இந்தப் புயலுக்கு எது பொருந்தும் என்று யோசிப்பதில்லை. வரிசைதான் முடிவு செய்கிறது.

கத்ரீனாவின் கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1981இல் கியூபாவைக் கடந்து போன ஒரு புயலுக்குக் கத்ரீனா என்று பெயர் வந்தது. 1987இலும் 1993இலும் அந்தப் பட்டியல் திரும்ப வந்தபோது கே எழுத்து வரைக்கும் புயலே வரவில்லை. 1999இல் வந்தது. நிகரகுவா கரையில் ஏறி ஓய்ந்துபோன ஒரு பலவீனமான புயலுக்கு அந்தப் பெயர் போனது. அடுத்து 2005. ஆகஸ்ட் 23ஆம் தேதி பஹாமாஸ் அருகே அது வெறும் ‘பன்னிரண்டாம் எண்’ தாழ்வு மண்டலம். மறுநாள் வரிசைப்படி கத்ரீனா ஆனது. 29ஆம் தேதி லூயிசியானாவில் கரையேறியது. நியூ ஆர்லியன்ஸின் கரைத் தடுப்புகள் உடைந்து ஊரே நீரில் நின்றது. ஆயிரத்துக்கு மேல் சாவு. மூன்று தடவையும் பெயர் அதே பெயர்தான். ஆனால் மூன்றாவது தடவைக்குப் பிறகு அதை இன்னொரு புயலுக்கு வைக்க யாருக்கும் மனம் வருமா?

இப்படிப்பட்ட பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும் வேலை உலக வானிலை அமைப்பின் கீழ் இருக்கும் ஹரிக்கேன் குழுவினுடையது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, கரீபியன், மத்திய அமெரிக்க நாடுகளின் வானிலைத் துறைகள் அதில் உறுப்பினர்கள். சீசன் முடிந்த பிறகு, அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன், வருடந்தோறும் கூடுவார்கள். பாதிக்கப்பட்ட நாடு, ‘எங்கள் மக்களுக்கு இந்தப் பெயர் இனி வேண்டாம்’ என்று கேட்கும். குழு ஒத்துக்கொண்டால் அந்தப் பெயர் போய்விடும். அதே எழுத்தில், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வேறு பெயர் அந்த இடத்தில் வந்து நிற்கும். கத்ரீனா இருந்த இடத்தில் இப்போது காட்டியா. 2011, 2017, 2023 என்று மூன்று தடவை அதுவும் வந்துபோய்விட்டது. என் ஃபிரெடரிக்கின் இடத்துக்கு ஃபேபியன் வந்தது. 2003இல் பெர்முடாவைத் தாக்கிய பிறகு ஃபேபியனையும் எடுத்துவிட்டு ஃப்ரெட் என்று வைத்தார்கள். ஒரே நாற்காலியில் மூன்றாவது ஆள்.

இறந்தவர்களின் குடும்பத்துக்கு மரியாதை என்பது இதில் பெரிய காரணம். அதோடு நடைமுறைக் காரணமும் உண்டு. இன்சூரன்ஸ் கோரிக்கை, நீதிமன்ற வழக்கு, ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாவற்றிலும் கத்ரீனா என்றால் அது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு நியாயமானது என்று நினைத்திருந்தேன். 1994 நவம்பர் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்தது.

அப்போது தம்பா துறைமுகத்தில் டிஏபி உரம் ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுவரும் கப்பலில் இருந்தேன். ஃபுளோரிடா நடுவே பாஸ்பேட் சுரங்கங்கள் இருக்கின்றன. நம் வயல்களுக்கு வந்த டிஏபி உரத்தில் ஒரு பங்கு அந்தத் துறைமுகத்திலிருந்து வந்ததுதான். தம்பாவை நோக்கி மெக்சிகோ வளைகுடாவில் வந்துகொண்டிருந்தபோது கார்டன் என்ற புயலைப் பற்றிச் செய்தி வர ஆரம்பித்தது. அதற்குள் காதால் வாங்கி எழுதும் காலம் போய்க்கொண்டிருந்தது. இயந்திரமே சுருள் தாளில் அச்சடித்துத் துப்பியது. நான் கிழித்து மேசைமேல் ஒட்டிவைத்தேன். கார்டன் எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்கவே முடியவில்லை. நிகரகுவா பக்கம் உருவாகி, ஜமைக்காவையும் கியூபாவின் கிழக்கு முனையையும் கடந்து, பிறகு மேற்கே திரும்பி ஃபுளோரிடாவைத் தாண்டி அட்லாண்டிக்கில் இறங்கி, வட கரோலினா கரைவரை போய் மறுபடி தெற்கே திரும்பியது. ஹரிக்கேன் என்று சொல்லும் வலு அதற்கு வந்ததே வட கரோலினா அருகேதான், அதுவும் கீழ்ப்படியில். கேப்டன் தாளைப் படித்துவிட்டு, “இது ஒன்றும் பெரிதில்லை, சுற்றிக்கொண்டு போய்விடலாம்” என்றார். கப்பலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான்.

ஆனால் அந்தப் புயலின் மையம் ஹைத்தியின் மேலேகூட ஏறாமல், பக்கத்தில் கடந்தபோதே தென்திசையிலிருந்து ஈரக்காற்றை இழுத்து அந்த மலைகள்மேல் கொட்டியிருந்தது. ஹைத்தியின் மலைகளில் மரம் வெட்டி வெட்டி மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லை. சரிவு சரிவாக மண் இறங்கியது. ஹரிக்கேன் மையத்தின் அறிக்கையில் ஹைத்தியில் மட்டும் 1,122 சாவு என்று இருக்கிறது. ஃபுளோரிடாவில் எட்டு. என் மேசைமேல் ஒட்டியிருந்த தாளில் காற்றின் வேகம் இருந்தது, நகரும் திசை இருந்தது. மலையில் எவ்வளவு மழை விழுந்தது என்பது அதில் இல்லை.

1995இல் குழு கூடியபோது முந்தின வருடப் பட்டியலிலிருந்து ஒரு பெயரையும் எடுக்கவில்லை. கார்டன் அப்படியே நின்றது. ஹைத்தி அன்று எந்த நிலையில் இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ராணுவ ஆட்சி போய், அமெரிக்கப் படை இறங்கி, அதிபர் அரிஸ்டீட் நாடு திரும்பி ஒரு மாதம் ஆனபோது வந்த புயல் அது. சர்வதேசக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பி, ஒரு பெயருக்காக வாதாடும் நிலைமை அங்கே இருந்திருக்காது. பத்து வருடம் கழித்து ஜீன் என்ற புயல் ஹைத்தியின் கொனைவ் நகரை மூழ்கடித்து மூவாயிரம் பேருக்கு மேல் கொன்றது. அந்தப் பெயரை எடுத்தார்கள். ஜீன் பிறகு ஃபுளோரிடாவையும் தாக்கியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

குழுவில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. கேட்பவருக்குக் கிடைக்கும் என்பது விதி. கேட்க முடியாதவரின் துக்கத்தை அந்த விதி கணக்கில் எடுப்பதில்லை என்பதே என் வருத்தம். தவறு என்று தெரிந்ததை அந்தக் குழு மாற்றியதும் உண்டு. 2020இல் 21 பெயரும் தீர்ந்து, மிச்சப் புயல்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளை வைத்தார்கள். நவம்பரில் ஈட்டாவும் அயோட்டாவும் இரண்டே வார இடைவெளியில் நிகரகுவாவின் ஒரே கரையில் ஏறின. ஸீட்டா, ஈட்டா, தீட்டா என்று ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் அடுத்தடுத்து வந்தால் எச்சரிக்கை கேட்பவனுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? அழிவு செய்த கிரேக்க எழுத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தால் அதன் இடத்தில் எதை வைப்பது? அடுத்த வருடமே கிரேக்க எழுத்து முறையைக் கைவிட்டு, தனியாக ஒரு துணைப் பட்டியல் போட்டார்கள். ஒலி குழம்பக் கூடாது என்ற பழைய ரேடியோ அறைப் பாடம் அங்கே மறுபடி ஜெயித்ததில் எனக்கு மகிழ்ச்சி.

இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். நம் கடலுக்கும் பெயர்கள் வந்துவிட்டன. 2004இல் ஓனில் என்று தொடங்கியது. எட்டு நாடுகள் ஆளுக்கு எட்டுப் பெயர் கொடுத்து 64 பெயர். 2020 மே மாதம் அம்பனோடு அந்தப் பட்டியல் தீர்ந்தது. பிறகு பதின்மூன்று நாடுகள், ஆளுக்குப் பதின்மூன்று பெயராக 169. நிவர், மாண்டஸ், மிக்ஜாம், ஃபெஞ்சல் எல்லாம் இந்தப் பட்டியல்தான். இந்தியா கொடுத்தவற்றில் முரசு என்ற தமிழ்ப் பெயரும் இருக்கிறது. அட்லாண்டிக் பட்டியல் மாதிரி இது சுற்றிவருவதில்லை. ஒரு தடவை வைத்த பெயரைத் திரும்ப வைக்கவே மாட்டார்கள். கஜா என்றால் 2018தான், வேறொன்று வராது. ஒரு மரத்தைக்கூடச் சாய்க்காத புயலின் பெயருக்கும் அதே மரியாதைதான். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஹைத்தி மாதிரி ஒரு நாடு இந்த முறையில் இருந்திருந்தால், அதன் சார்பில் யாரும் வாதாடாமலே கார்டன் போயிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நம் முறை மேல் என்று தயங்காமல் சொல்வேன். 169 பெயரும் தீர்ந்த பிறகு மறுபடி உட்கார்ந்து பெயர் தேட வேண்டும். அந்த வேலை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் இரண்டு முறைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பெயர் காற்றின் வேகத்தைப் பார்த்து மட்டும்தான் வருகிறது. 2017இல் ஒக்கி என்ற பெயர் வந்தது நவம்பர் 30ஆம் தேதி. அதற்கு முந்தின நாள் அது தாழ்வு மண்டலம். இலங்கைக்கு அருகே உருவாகி, கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே ஒரே நாளில் புயலானதால், பெயர் வானொலியில் வந்தபோது மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எங்கள் கரையில் எத்தனையோ வீடுகளுக்கு ஆள் திரும்பவில்லை. நாட்கணக்கில் நடுக்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்களுக்கு, பெயர் வரும் வரை காத்திருக்கும் எச்சரிக்கையால் பயனில்லை. தாழ்வு மண்டலம் என்ற சொல்லுக்கே படகைத் திருப்பும் பழக்கம் வர வேண்டும். அதற்கு அந்தத் தூரம் எட்டும் கருவி படகில் இருக்க வேண்டும். ரேடியோக்காரனாக நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

2023 டிசம்பரில் இன்னொன்று பார்த்தோம். மாதத் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாமை எல்லோருக்கும் தெரியும். இரண்டே வாரத்தில் எங்கள் பக்கம் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது, ஶ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நாட்கணக்கில் சிக்கிக்கிடந்தார்கள். அது புயல் அல்ல, வெறும் மேலடுக்குச் சுழற்சி. காற்று வேகம் 34 நாட்டின் பக்கமே போகவில்லை. அதனால் அதற்குப் பெயர் இல்லை. என் பேத்தி பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரை எழுதும்போது, “தாத்தா, நம்ம ஊர் வெள்ளத்துக்குப் பேர் என்ன?” என்று கேட்டாள். டிசம்பர் 17, 18 என்று தேதியைத்தான் எழுதச் சொன்னேன். தனுஷ்கோடி போன 1964 புயலையும் நாகப்பட்டினத்து 1977 புயலையும் நாங்கள் வருடத்தால்தான் சொல்கிறோம். இதையும் அப்படியே சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.

2024 சீசன் முடிந்ததும் ஹரிக்கேன் குழு பெரில், ஹெலன், மில்டன் மூன்றையும் எடுத்துவிட்டது. ஹெலன் அமெரிக்காவில் சுமார் 250 உயிரைக் குடித்தது. எடுத்ததே சரி. மூன்றுக்கும் பதிலாக பிரியானா, ஹாலி, மிகேல் என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் அடுத்து 2030இல் வரும். ஹாலி என்ற புதுப் பெயருக்கு நேர் முந்தின இடத்தில், 1994க்குப் பிறகு ஐந்து தடவை வந்துபோன கார்டன் ஆறாவது தடவைக்காக நிற்கிறது.